சிகிச்சை முடிந்தபோது கிடைத்த மூன்று பக்கக் கடிதம்

எனக்கு ஓசிடி. வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். எனக்கு வந்தது சரிபார்க்கிற வகை. அடுப்புத் திருகு, சிலிண்டர் ரெகுலேட்டர், வாசல் பூட்டு இந்த மூன்றும்தான் என் உலகமாக இருந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கிளம்ப ஐம்பது நிமிடம் ஆகும். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்த நாட்களும் உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு உளவியலாளரிடம் போனேன். மாத்திரைக்குத் தனியாக மனநல மருத்துவர். சிகிச்சை முடிகிற நேரத்தில் அந்த உளவியலாளர் மேடம் கொடுத்த கடிதத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சிகிச்சை ஒரே நாளில் முடியவில்லை. வாரம் ஒருமுறை என்பது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆனது, பிறகு மாதம் ஒருமுறை. கடைசி மூன்று அமர்வுகள் முழுக்க அந்தக் கடிதத்துக்கே போயின. மேடம் முதலில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "நீங்க எழுதிட்டு வாங்க, அப்புறம் நான் எழுதறேன்" என்றார். ஆங்கிலத்தில் வேண்டுமா, தமிழிலா என்றும் கேட்டார். வீட்டில் என் கணவரும் அத்தையும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் கேட்டேன்.

நான் எழுதிக்கொண்டு போனது, "இப்போது பயம் குறைந்துவிட்டது, மேடத்துக்கு நன்றி" என்ற அளவில்தான் இருந்தது. அதை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில், என்ன செய்ததால் அது வந்தது என்று எழுதச் சொன்னார். அதனால் முதல் பக்கம் இப்படி அமைந்தது: "கிளம்ப 50 நிமிடம் ஆனது, இப்போது 5 நிமிடம். காரணம்: திருகை ஒருமுறை பார்த்துவிட்டு, தொடாமல், பயம் இருக்கும்போதே வெளியே வந்து பழகினீர்கள். பயம் தானாக இறங்குவதை பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தீர்கள்." ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அப்போது புரியவில்லை. நன்றி மட்டும் எழுதியிருந்தால், மறுபடி பயம் வரும்போது என் கையில் மேடத்தின் போன் நம்பர்தான் இருந்திருக்கும். செய்முறை இருந்திருக்காது.

மதிப்பெண்ணும் அதில் இருந்தது. ஓசிடிக்கு யேல்-பிரவுன் என்று ஒரு அளவுகோல் உண்டு. பத்துக் கேள்வி, மொத்தம் 40. நான் முதலில் போனபோது 27, அதாவது தீவிரம். முடிக்கும்போது 9. அது பூஜ்யம் இல்லையே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கடிதத்தில் அதற்கு மேடம் எழுதியிருந்தது: "கேஸ் திறந்திருக்குமோ என்ற எண்ணம் இனியும் வரும். எண்ணம் வருவது நோய் திரும்பியதற்கு அடையாளம் அல்ல. அதற்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்."

இரண்டாம், மூன்றாம் பக்கங்கள் திரும்ப வராமல் இருப்பதற்கான திட்டம். சறுக்கல் வேறு, விழுவது வேறு என்று பிரித்திருந்தார். ஒருநாள் மூன்று தடவை பார்த்துவிட்டால் அது சறுக்கல். அன்றைக்கே பழைய பயிற்சிக்குத் திரும்பினால் போதும். சரிபார்ப்பதிலும் அதைப் பற்றிய யோசனையிலும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், அது இரண்டு வாரம் நீடித்தால் காத்திருக்காமல் அமர்வுக்கு வர வேண்டும். சாகத் தோன்றினால் எந்தக் கணக்கும் பார்க்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நேரம் கெட்ட நேரமாக இருந்தால் 14416, அரசின் இலவச மனநல உதவி எண். மாத்திரைக்குத் தனி வரி: "பேச்சு சிகிச்சை முடிந்தது என்பதால் மாத்திரை முடிந்ததாகாது. குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரின் முடிவு." நான் சம்மதித்த பிறகு கடிதத்தின் ஒரு பிரதி அவருக்கும் போனது.

ஆபத்தான காலங்கள் என்று என் வாழ்க்கையிலிருந்தே நான்கை எடுத்து எழுதினோம். தேர்வுத்தாள் திருத்தும் மாதம், தூக்கம் கெடுவது, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போவது, வீடு மாறுவது. அதற்குக் கீழே முன்கூட்டித் தெரியும் அடையாளங்கள். "அணைச்சாச்சா?" என்று வீட்டில் கேட்பது அதில் முதலாவது. அந்தக் கேள்விக்குக் கணவர் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் மேடத்தோடு மூன்று பேரும் உட்கார்ந்து பேசி எழுதினோம். "அணைச்சாச்சு" என்று சொன்னால் எனக்கு அந்த நிமிடம் நிம்மதி, அடுத்த நாள் கேள்வி இரண்டாகும். பட்டியலின் அடியில் மேடம் இரண்டு வரி காலியாக விட்டிருந்தார். இன்னொரு நிபந்தனையும் போட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு ஒருமுறைதான் கடிதத்தைப் படிக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் படித்தால் இந்தக் கடிதமே இன்னொரு அடுப்புத் திருகாகிவிடும் என்றார். சறுக்கல் வந்தால் மட்டும் மூன்றாம் பக்கத்தை எடுக்கலாம்.

சிகிச்சை முடிந்த நான்காவது மாதம் வாடகை வீடு மாறினோம். புது அடுப்பு, கண்ணாடி மேல்தட்டு, நான்கு பர்னர். நான் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது போனில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். நேரம் மிச்சம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் தினம் ஆறு படம் ஆனது. திருகின் கோடு சரியாகத் தெரியவில்லை என்று பெரிதாக்கிப் பார்த்து, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தே சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் போன் சார்ஜ் இல்லை. கிளம்ப முடியவில்லை. கை நடுங்கியது. "அணைச்சாச்சான்னு ஒரே ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கணவரிடம் கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "இதுக்கு நான் பதில் சொல்றதில்லைன்னு பேசி வச்சிருக்கோம்ல. கஷ்டமா இருக்குன்னு தெரியுது. வா, பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வரேன்" என்றார். பேசி எழுதிய அதே வார்த்தைகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலை மூன்றாம் பக்கத்தை எடுத்தேன். அதில் இருந்தபடி, சுலபமானதிலிருந்து கடினமானது வரை சின்ன ஏணி ஒன்று எழுதினேன். படம் எடுத்தாலும் திறந்து பார்க்காமல் இருப்பது முதல் படி. ஒரே ஒரு படம் இரண்டாவது. படமே இல்லாமல், ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது மூன்றாவது. பால் காய்ச்சிய உடனே கிளம்புவது கடைசி, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். பழைய படங்களை அழித்தேன். அழித்தவை போனில் இன்னொரு ஃபோல்டரில் முப்பது நாள் கிடக்கும், அதையும் காலி செய்தேன். மூன்றாவது படியின் முதல் நாள் நூற்றுக்கு எழுபது பயம். பஸ்ஸில் தொண்டை அடைத்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போடக் கை போனது, போடவில்லை. மூன்றாவது பீரியட் முடிகிற நேரத்தில் முப்பதுக்கு வந்திருந்தது. மறுநாள் அறுபதில் ஆரம்பித்தது. கடைசிப் படிக்குப் போய்ச் சேர மொத்தம் பன்னிரண்டு நாள்.

ஆறாம் மாதத்துக்கு ஏற்கெனவே குறித்திருந்த தொடர் அமர்வில் இதைச் சொன்னேன். மேடம் கேட்டது ஒன்றுதான்: "பட்டியல்ல இது இருந்துச்சா?" இல்லை. திரும்பப் போய்ப் பார்ப்பது இருந்தது, கேட்பது இருந்தது, மனசுக்குள் நடந்ததை ஓட்டிப் பார்ப்பதுகூட இருந்தது. போன் இல்லை. கடிதத்தை என் பக்கம் நகர்த்திப் பேனாவைக் கொடுத்தார். காலியாக இருந்த இரண்டு வரியில் ஒன்றில் எழுதினேன்: "போனில் படம் எடுப்பது." இன்னொரு வரி இன்னும் காலியாக இருக்கிறது.