துணிக்கடை டக்ட் வரைபடம்: பீமுக்கு அடியில் 16 அங்குலம்

நண்பரின் துணிக்கடைக்காக வரைந்துகொண்டிருந்த குளிர்சாதனக் காற்று செல்லும் தகடுக் குழாயான டக்டின் வரைபடத்தில், பல நாட்களாக முரண்டு பிடித்த வெட்டுத்தோற்றம் ஒருவழியாகப் பொருந்திவிட்டது. கடை 18 அடி அகலமும் 40 அடி நீளமும் கொண்டது. குளிரூட்டும் திறன் 5 டன் என்று கணக்கிட்டு, டன்னுக்கு 400 வீதம் 2000 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 2000 கன அடி காற்றை, அதைக் கடைக்குள் பரப்பும் ஐந்து டிஃப்யூசர்களுக்குச் சமமாகப் பிரித்திருக்கிறேன்.

நூறு அடிக்கு 0.1 அங்குல நீர் உயர அளவு அழுத்தம் உராய்வில் இழக்கப்படும் கணக்கில் 2000 சிஎஃப்எம்முக்கு ஏறத்தாழ 17 அங்குல வட்டக்குழாய் வேண்டும். அதற்கு ஈடான செவ்வக டக்டுகளில் 18x14 அங்குலத்துக்குத் தகடு குறைவாகப் பிடிக்கும் என்பதால் முதலில் அதைத்தான் பிளானில் வைத்தேன். இரண்டு பீம்களுக்கு நடுவே வெட்டிப் பார்த்தால் அதற்குத் தாராளமாக இடம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் டக்ட் கடையின் நீளவாக்கில் எல்லாப் பீம்களையும் கடந்து போவதால், வெட்டுக்கோடு பீமின் மீதே செல்ல வேண்டும். அங்கே பீமின் அடிமட்டத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்கின் அடிப்பரப்புக்கும் இடையே இருப்பது 16 அங்குலம் மட்டுமே. 14 அங்குல உயர டக்டுக்கு மேலும் கீழும் ஓர் அங்குல நைட்ரைல் வெப்பக்காப்பு உறை சுற்றினாலே அந்த இடம் முழுவதும் தீர்ந்துவிடுகிறது.

ஆகவே டக்ட் 26x10 ஆனது. உறையுடன் 12 அங்குலம், தாங்கு ஆங்கிளுக்கு ஒன்றரை, சீலிங் சட்டத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் இரண்டேகால் என்று கூட்டினால் பதினைந்தே முக்கால் வருகிறது. மிச்சம் கால் அங்குலம். பீமுக்கு நேர் கீழே ஆங்கிள் வராதென்றாலும், டக்டின் மட்டம் நெடுகிலும் ஒன்றே என்பதால் அதைக் கணக்கிலிருந்து விட முடியாது. இன்னும் தட்டையாக 34x8 போடலாமே என்று கேட்பவர்களுக்கு: அகலம் 30 அங்குலத்தைத் தாண்டினால் தகடு 24 கேஜிலிருந்து அதைவிடத் தடிமனான 22 கேஜுக்குப் போகும், செலவும் ஏறும்.

முதல் இரண்டு டிஃப்யூசர்களைத் தாண்டியபின் 1200 சிஎஃப்எம்முக்கு 18x10, மூன்றாவதைத் தாண்டியபின் 800க்கு 14x10. உயரத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் குறைத்ததால் எல்லாத் தாங்கிகளும் ஒரே மட்டத்தில் அமைகின்றன. கடைசி 400க்கு 8x10 போதும் என்று அட்டவணை சொல்லும். ஆனால் சத்தம் வராமலிருக்க நான் எடுத்த டிஃப்யூசரின் 12x12 கழுத்து, 8 அங்குல அகல டக்டின் அடியில் உட்காராது. எனவே 14x10 அப்படியே கடைசிவரை செல்கிறது.

நைட்ரைல் விலை கேட்ட கடையில் முழு ரோலாக வாங்கினால்தான் தருவோம் என்கிறார்கள். டக்ட் செய்யும் பட்டறைக்காரரிடமே மிச்சம் இருக்குமா என்று விசாரிக்க வேண்டும். திரும்பும் காற்றுக்கான கிரில்லும், யூனிட்டின் தண்ணீர்க் குழாய்ச் சரிவும் இன்னும் வரையப்படவில்லை. அந்தக் குழாய் எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒரு பீமைக் கடந்தாக வேண்டும் என்பதால், அதற்கும் ஒரு வெட்டுத்தோற்றம் வரையப் போகிறேன்.