விண்ணப்ப எண்ணும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை: ஹால் டிக்கெட் எடுத்த ஒரு ராத்திரி

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வெளியானது. அன்று சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். "தம்பி, பையன் நம்பர் கேக்குதுன்னு உக்காந்திருக்கான். எந்த நம்பர்னு எனக்குத் தெரியல, நீ கொஞ்சம் வாயேன்" என்றாள். போய்ப் பார்த்தால், திரையில் மூன்று கட்டங்கள்: விண்ணப்ப எண், பாஸ்வேர்ட், கீழே வளைந்து நெளிந்த எழுத்துகளோடு ஒரு கேப்சா. எங்களிடம் கேப்சா மட்டும்தான் இருந்தது.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எழுதும் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு அது. விண்ணப்பத்தை மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு பிரவுசிங் சென்டரில் போட்டிருந்தார்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளை அக்கா எங்கோ பத்திரமாக வைத்திருந்தாள். பத்திரமாக வைத்த பொருள் என்றைக்குக் கிடைத்திருக்கிறது? சென்டர்க்காரர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். கடை பூட்டு, போன் ஸ்விட்ச் ஆஃப்.

பையன் அதற்குள் பாஸ்வேர்டை யூகிக்க ஆரம்பித்திருந்தான். பெயரோடு 123, பிறந்த வருடம் என்று அடித்துக்கொண்டிருந்தான். முதலில் அதை நிறுத்தச் சொன்னேன். தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தால் பல தளங்கள் அந்தக் கணக்கைச் சிறிது நேரம் பூட்டிவிடும். பிறகு சரியானதே கிடைத்தாலும் காத்திருக்க வேண்டும். அதுவும் போக, விண்ணப்ப எண்ணே தெரியாதபோது பாஸ்வேர்டை யூகித்து என்ன பயன்?

இந்த வரிசையைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். `Forgot Password?` என்பதை அழுத்தினால் முதலில் கேட்பதே விண்ணப்ப எண்ணைத்தான். அதனால் இரண்டும் தொலைந்திருந்தால் எண்ணைத்தான் முதலில் மீட்க வேண்டும். தேர்வுக்குத் தேர்வு கேட்பதும் மாறும். சிலவற்றில் எண்ணோடு பிறந்த தேதி இருந்தாலே ஹால் டிக்கெட் வந்துவிடும், பாஸ்வேர்டே தேவைப்படாது. எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எண் எங்கெங்கே பதிந்திருக்கும் என்று ஒரு சுற்று தேடினோம். பையனுடைய மெயிலில் `Application Number` என்று தேடினேன். ஸ்பேம், குப்பை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. போனின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் `confirmation` என்று தேடினேன், அதுவும் இல்லை. பணம் கட்டிய ரசீதில் சில சமயம் விண்ணப்ப எண் இருக்கும். ஆனால் அக்கா சென்டர்க்காரரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தேர்வுக் கட்டணம் போனது அவர் கணக்கிலிருந்து. ஆக, எங்கள் பக்கம் ஒரு தடயமும் இல்லை.

மிஞ்சியது `Forgot Application Number?` மட்டும்தான். அது நான்கு விஷயங்கள் கேட்டது: விண்ணப்பதாரர் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி. இதில் என்ன கஷ்டம் என்று பையன் தட்டினான். விவரங்கள் பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கேப்சாவில் தப்போ என்று இன்னொரு முறை அடித்தான். அதே பதில்.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருந்தது. கேப்சா தப்பென்றால் அந்தத் தளம் அதைத் தனியாகச் சொல்லும். விவரம் பொருந்தவில்லை என்றால் சிக்கல் பெயரில்தான். அந்த இயந்திரத்துக்கு அவன் யார் என்று தெரியாது; விண்ணப்பத்தில் தட்டச்சு செய்த எழுத்து வரிசை மட்டும்தான் தெரியும். நம் பெயர்களில் இனிஷியல் வேறு இருக்கிறதே. அவன் பெயரை மாற்றிச் சொல்கிறேன், அருண் என்று வைத்துக்கொள்ளுங்கள். `K ARUN`, `ARUN K`, `ARUN KUMARESAN` மூன்றும் நமக்கு ஒரே ஆள். இயந்திரத்துக்கு மூன்று பேர். அப்பா பெயரிலும் அம்மா பெயரிலும் இதே கதை. இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா, வராமலே போகுமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் மூன்றையும் மூன்றால் பெருக்கி, அதை மறுபடி மூன்றால் பெருக்க வேண்டும். இருபத்தேழு முறை. எழுத்துக்கூட்டல் வேறுபாட்டையும் சேர்த்தால் விடிந்துவிடும்.

அதனால் வேறு மாதிரி கேட்டேன். "அக்கா, விண்ணப்பம் போடும்போது சென்டர்க்காரர் கையில எந்தக் காகிதம் இருந்துச்சு?" அக்காவுக்கு நினைவில்லை. ஆனால் அவள் வாட்ஸ்அப்பில் அவரோடு பேசியது அப்படியே இருந்தது. மேலே தள்ளிப் பார்த்தால், ஜனவரியில் அவள் அனுப்பிய படங்கள்: பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கையெழுத்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். ஆதார் இல்லை. பையன் இவ்வளவு நேரம் ஆதாரைப் பார்த்துத்தான் அடித்துக்கொண்டிருந்தான்.

சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருந்தது. அம்மா பெயரும் ஆதாரில் இருப்பதுபோல் இல்லை. ஓர் எழுத்து கூடுதல். அதைப் பார்த்து அப்படியே, பெரிய எழுத்தில், புள்ளி வைக்காமல், பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே ஒரே ஓர் இடைவெளி விட்டு அடித்தோம். பன்னிரண்டு இலக்க எண் திரையில் வந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அதை உடனே படம் எடுத்து அவள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். தாளில் எழுதி வைக்கவில்லை, காரணம் உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது பாஸ்வேர்ட். எண்ணைக் கொடுத்ததும் மூன்று வழி காட்டியது. விண்ணப்பத்தின்போது தேர்ந்தெடுத்த பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் சொல்லலாம், பதிவு செய்த மொபைலுக்கு வரும் குறியீட்டைப் போடலாம், பதிவு செய்த மெயிலுக்கு வரும் லிங்கைத் திறக்கலாம்.

மெயில் வழியைத் தொட்டதும் பாதி மறைத்த முகவரி ஒன்று தெரிந்தது. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தாலே அது பையனுடையது இல்லை என்று தெரிந்துவிட்டது. சென்டர்க்காரர் தன் மெயிலைப் போட்டிருக்கிறார். மெயில் பெட்டியில் எதுவுமே கிடைக்காததற்கும் அதுதான் காரணம். பாதுகாப்புக் கேள்வியும் அவர் தேர்ந்தெடுத்ததுதான். பையனுக்குப் பிடித்த நிறம் எது என்று அவர் என்ன எழுதினாரோ, யார் கண்டது?

மொபைல் வழியில் கடைசி இலக்கங்கள் தெரிந்தன. அத்தானுடைய எண்! பதிவு செய்த அன்று ஓ.டி.பி. கேட்டுச் சென்டர்க்காரர் போன் செய்ததாக அத்தானுக்கும் நினைவு வந்தது. ஓ.டி.பி. அனுப்பச் சொல்லிவிட்டு அத்தானின் பட்டன் போனைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தோம். வரவில்லை. ஒரு நிமிடம் கழித்துப் பையன் `Resend` அழுத்தினான். வரவில்லை. இன்னொரு முறை. ஊஹூம்.

சிக்னல் இருக்கிறது, போன் செய்தால் மணி அடிக்கிறது. பிறகு எதற்கு வரவில்லை? போனை வாங்கிப் பார்த்தேன். திரையின் மேல் ஓரத்தில் ஓர் உறை அடையாளம் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அத்தான் குறுஞ்செய்தி எதையுமே அழித்ததில்லை. ரீசார்ஜ் விளம்பரங்கள் நிறைந்து இன்பாக்ஸில் இடமே இல்லை. இப்படி நிறைந்துவிட்டால் பட்டன் போன் புதிய செய்தியை வாங்காது. நெட்வொர்க் அதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். இருபது முப்பது செய்திகளை அழித்ததும் டொக் டொக் என்று மூன்று ஓ.டி.பி. அடுத்தடுத்து வந்து விழுந்தன.

மூன்றில் எது? பையன் முதலில் வந்ததைப் போட்டான், தவறு என்றது. புதிதாக ஒன்று கேட்டால் பழையது செல்லாது. தேங்கிக் கிடந்த செய்திகள் கேட்ட வரிசையிலேயே வரும் என்றும் சொல்ல முடியாது. மூன்றையும் விட்டுவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருந்தோம். பிறகு ஒரே ஒரு முறை அழுத்தினோம். இந்த முறை வந்தது ஒன்றுதான், போட்டதும் ஏற்றுக்கொண்டது.

புதிய பாஸ்வேர்டுக்கு நிபந்தனைகள் இருந்தன: எட்டிலிருந்து பதின்மூன்று எழுத்துக்குள், ஒரு பெரிய எழுத்து, ஒரு சின்ன எழுத்து, ஓர் எண், ஒரு சிறப்புக் குறி. அதில் ஒன்றும் சிரமமில்லை. ஆனால் போனில் அடிக்கும்போது விரல் பக்கத்து எழுத்தில் பட்டுவிடலாம். நட்சத்திரக் குறிகளாகத் தெரிவதால் கவனிக்க மாட்டோம். கண் அடையாளத்தைத் தொட்டு, அடித்ததைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்தோம்.

நடுவில் பையனுடைய சிநேகிதன் ஒருவன் போனில் ஒரு யோசனை சொன்னான்: புதிதாக ஒரு கணக்கு பதிவு செய்துவிடலாமாம். விண்ணப்பக் கடைசி நாளே எப்போதோ முடிந்துவிட்டது. அப்படியே பதிவு செய்ய முடிந்தாலும் அந்தப் புது எண்ணுக்கு ஹால் டிக்கெட் எங்கிருந்து வரும்? பணம் கட்டிய பழைய விண்ணப்பத்துக்குத்தானே இருக்கை ஒதுக்கியிருப்பார்கள். தவிர, ஒருவர் பெயரில் இரண்டு விண்ணப்பம் இருப்பதைப் பல தேர்வுகளின் விதிகள் அனுமதிப்பதில்லை. இன்னொருவன் டெலிகிராமில் ஓர் ஆள் எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னான். அந்த ஆளும் கடைசியில் அத்தான் போனுக்கு வரும் ஓ.டி.பி.யைத்தான் கேட்கப்போகிறான். அதை அவனிடம் சொன்னால் கணக்கு அவன் கைக்குப் போய்விடும்.

ஓ.டி.பி. வழியும் அடைபட்டிருந்தால் என்ன செய்வது என்று அன்றே யோசித்து வைத்திருந்தேன். அத்தானின் அந்த சிம் போய்விட்டிருந்தால், முதல் வேலையாக அதே எண்ணில் மாற்று சிம் வாங்கியிருப்போம். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டும். கூடவே தேர்வு அமைப்பின் உதவி மையத்துக்கு மெயில். அதன் முகவரியைத் தேர்வுக்கான தகவல் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். கூகுளில் முதலில் வருவது யாருடையதாகவும் இருக்கலாம். மெயிலில் வெறுமனே பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று எழுதினால் விவரம் கேட்டுப் பதில் வரும், அதில் ஒரு நாள் போய்விடும். சான்றிதழில் உள்ளபடி பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, பதிவு செய்த பழைய மொபைல் எண், கிடைத்தால் கட்டணம் கட்டிய பரிவர்த்தனை எண், அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் முதல் மெயிலிலேயே வைத்துவிட வேண்டும்.

ராத்திரி பத்தரைக்கு ஹால் டிக்கெட் இறங்கியது. பெயர், படம், கையெழுத்து, தேர்வு மையம் எல்லாவற்றையும் சரிபார்த்து, பி.டி.எஃப்.பை என் மெயிலுக்கும் அனுப்பி வைத்தேன். உள்ளே நுழைந்ததுதான் நுழைந்தோம் என்று சுயவிவரப் பக்கத்தில் மெயிலை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். அந்தக் கட்டத்தில் மாற்ற முடியவில்லை. கலந்தாய்வு வரும்போது தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அப்போது பையனுடைய மெயிலையே போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் சென்டர்க்காரர் போன் செய்தார். தவறிய அழைப்புகளைப் பார்த்திருக்கிறார். "என்ன சார் இவ்வளவு கஷ்டப்பட்டீங்க, எல்லாப் பிள்ளைங்க நம்பரும் பாஸ்வேர்டும் நோட்டுல எழுதி வச்சிருக்கேனே" என்றார். பையனுடையதை வாசித்தும் காட்டினார். அவன் நேற்று யூகித்ததில் ஒன்றுக்கு மிக அருகில் இருந்தது, கடைசியில் ஓர் `@` மட்டும்தான் விட்டுப்போயிருந்தது.

"அது மாறிடுச்சுங்க, நோட்டுல அடிச்சிடுங்க" என்றேன்.