கூற்றுக்கு எதிரே சான்று

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் பலவீனமான உறவுகளின் வலிமை குறித்து எழுதிய கட்டுரையை, இன்று இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் சான்று என இரண்டு நெடுவரிசைகளில் சுருக்கினேன்.

அதிகம் பழகாதவர் வழியாகவே வேலை கிடைக்கிறது என்ற கூற்றுக்குச் சான்று உடனே அமைந்தது: தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரில், அந்த நபரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 சதவீதமே, எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6, அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8.

குழுக்களை இணைக்கும் பாலங்கள் பலவீனமான உறவுகளே என்ற கூற்றுக்கு எதிரே இதே எண்களை எழுதக் கை தானாகவே போகும், எழுதக் கூடாது.

அவை சந்திப்பின் இடைவெளியை அளக்கின்றனவே தவிர, வேலை பெற்றவரும் அதற்கு உதவியவரும் வெவ்வேறு குழுவினரா என்று சொல்வதில்லை.

ஒருவருக்கு நெருக்கமான இருவர் தமக்குள்ளும் அறிமுகமாகிவிடுவர் என்ற அனுமானத்திலிருந்தே பாலம் பற்றிய கூற்று பிறக்கிறது; ஆகவே வலப்பக்கத்தில் ‘தர்க்கம்’ என்று குறித்தேன்.