அப்பா டயாலிசிஸை நிறுத்திய நாட்கள்: கல்லிடைக்குறிச்சி நாட்குறிப்பு

24 ஜூலை 2025, வியாழன்

இன்று ஆடி அமாவாசை. பாபநாசத்துக்குப் போய் ஆற்றில் மூழ்கித் தர்ப்பணம் கொடுக்க அப்பாவால் இந்த ஆண்டும் முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்தவர், கையைத் துடைத்துக்கொண்டு, "ஏளா, இந்த ஆடியோட அந்த மிஷினப் போதும்னு நெனைக்கேன்" என்றார்.

அப்பாவுக்கு 76 வயது. நீண்ட காலச் சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் செயலிழந்து, நான்கு ஆண்டுகளாகச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். கடந்த மூன்று மாதங்களாக, ஊசி ஏற்றி இரண்டு மணி நேரம் ஆவதற்குள் இரத்த அழுத்தம் சரிந்து, நான்கு மணி நேரச் சுத்திகரிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. இடது காலில் இரண்டு விரல்களை எடுத்த புண் இன்னும் ஆறவில்லை. டயாலிசிஸ் நாள் போகிறது, அதற்கு மறுநாளும் படுக்கையிலேயே போய்விடுகிறது. வாரத்தில் தமக்கென்று மிஞ்சும் நாட்களை அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டியபோது எனக்கு மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

28 ஜூலை, திங்கள்

சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அப்பா சொன்னதை உடனே ஏற்கவோ மறுக்கவோ செய்யாமல், முக்கால் மணி நேரம் அவரிடமே பேசினார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். நிறுத்த விரும்பும் காரணம் சரிசெய்யக்கூடியதா என்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார். புண் வலியினால் சொல்கிறாரா, மனச்சோர்வினால் சொல்கிறாரா, பிள்ளைகளுக்குச் செலவு என்று நினைக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அழுத்தம் சரியாமலிருக்க டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தைக் குறைத்தும், ஒரு தடவையில் எடுக்கும் நீரைக் குறைத்தும் ஏற்கெனவே முயன்றிருக்கிறார்கள். அவை பலன் தரவில்லை.

பிறகு நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை அப்பாவுக்கே விளக்கினார். பெரும்பாலோருக்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை. சிறுநீர் இன்னும் ஓரளவு பிரிகிறவர்களுக்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். உடலில் கழிவுகள் தேங்கத் தேங்கத் தூக்கம் கூடிக்கொண்டே போகும், கடைசி நாட்களில் பெரும்பாலும் நினைவு இருக்காது என்றார். அப்பாவின் ஒரு நாள் சிறுநீரை அளந்து வரச் சொன்னார். சமையலறை அளவுக் குவளையில் அளந்தேன். மொத்தம் 250 மில்லி.

ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேட்பேன், அதுவரை டயாலிசிஸ் தொடரட்டும் என்றார். நிறுத்திய பிறகும் மனம் மாறினால் டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த பிஸ்டுலா அப்படியே இருக்கும், எந்த நாளும் திரும்பி வரலாம் என்றும் சொன்னார்.

2 ஆகஸ்ட், சனி

வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை தரும் மருத்துவரும் செவிலியரும் வீட்டுக்கு வந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து இந்தச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது என்பதே பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அப்பாவின் விருப்பத்தை எழுத்தில் வைத்தோம். இதில் எனக்கு இருந்த குழப்பத்தை மருத்துவர் தெளிவாக்கினார். தெளிந்த மனநிலையில் இருக்கும் ஒருவர் தமக்குச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்வது அவருடைய உரிமை. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பு அதை உறுதி செய்திருக்கிறது. அப்பா டயாலிசிஸை நிறுத்துவதற்கு அவருடைய வாய்மொழியே போதும். எழுத்து தேவைப்படுவது, நினைவு தப்பிய பிறகு யாராவது அவரைத் தூக்கிக்கொண்டு போய் வெண்டிலேட்டரில் வைத்துவிடக் கூடாது என்பதற்காக. முன்பு அந்த ஆவணத்துக்கு மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் நீதிமன்றமே விதியை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரும் போதும் என்று ஆக்கியது.

தமக்காகப் பேசும் பொறுப்பை என் பெயரில் எழுதச் சொன்னார். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது வேண்டாம், வெண்டிலேட்டர் வேண்டாம், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டாம், வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

புண் வலிக்கு, தோல் வழியே வலி மருந்தை உள்ளே இறக்கும் பென்டானில் பட்டையை, மிகக் குறைந்த அளவில், மார்பில் ஒட்டினார்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒட்டியவுடன் வேலை செய்யாது, பல மணி நேரம் பிடிக்கும் என்பதால்தான் இப்போதே தொடங்கியிருக்கிறார்கள். பட்டையின்மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போய்விடும் என்று செவிலியர் அழுத்திச் சொன்னார்.

6 ஆகஸ்ட், புதன்

நேற்று மருத்துவர் மீண்டும் கேட்டபோதும் அப்பா அதையே சொன்னார். வெள்ளிக்கிழமைதான் கடைசி.

தம்பி சென்னையிலிருந்து வந்துவிட்டான். தன் மாமியார் புற்றுநோயில் இருந்தபோது மிஞ்சிய, மார்பின் என்னும் வலி மாத்திரைகளைக் கையோடு கொண்டுவந்திருந்தான். செவிலியர் தொலைபேசியில் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நல்ல மனத்தோடு பலரும் செய்யக்கூடிய தவறு இது. மார்பினைக் கல்லீரல் உடைத்து உண்டாக்கும் பொருட்களைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் இல்லாத உடலில் அவை தேங்கி, கைகால் வெட்டி இழுக்கும், பிதற்றல் வரும், மூச்சு மந்தமாகும். அதனால்தான் மார்பினை விட்டுவிட்டுப் பென்டானிலைத் தேர்ந்திருக்கிறார்கள். பிறகு வரக்கூடிய தொல்லைகளுக்கு ஒரு டப்பாவில் மருந்துகள் தயாராக இருக்கின்றன: குமட்டலுக்கு ஹாலோபெரிடால், பதற்றத்துக்கு நாக்கின் அடியில் வைக்கும் லோராசெபாம். எதை எப்போது, எத்தனை என்று மருத்துவர் எழுதிய தாளைப் பீரோக் கதவில் ஒட்டினேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

கடைசி டயாலிசிஸ். இன்று அழுத்தம் சரியாமல் மூன்றரை மணி நேரம் தாங்கினார். உடலில் தேங்கிய நீரை முடிந்தவரை எடுத்துவிட்டு நிறுத்துவது நல்லது, மூச்சுத் திணறல் வரும் நாள் தள்ளிப் போகும் என்று மருத்துவர் முன்பே திட்டமிட்டிருந்தார். ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருந்த டெக்னீஷியன் பையன், விரலை எடுத்த பின்னும் அப்பாவின் கையை விடவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

சொதி வைத்தேன். நான்கு ஆண்டுகளாக உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்து நீரை வடித்துக் கொடுத்தவள், இன்று தேங்காய்ப் பாலில் அப்படியே போட்டேன். பொட்டாசியம் கூடுமே என்று கேட்டதற்கு, இனி அந்தக் கணக்கு வேண்டாம், வாய்க்குப் பிடித்ததைச் சிறிதளவு கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் தண்ணீரில் மட்டும் கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. குடிக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் கோத்துக்கொண்டால் மூச்சு முட்டும். அதனால் உப்பும் அளவோடுதான். நம் ஊர் அப்பளத்தில் கால் துண்டு மட்டும் கேட்டு வாங்கி, வெகு நேரம் வாயில் வைத்திருந்தார்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

தவறவிட்ட முதல் டயாலிசிஸ் நாள். காலையில் வழக்கம்போல் நான்கரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது.

இரத்த அழுத்த மாத்திரை, பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. சிறுநீர் பிரிவதற்கான மாத்திரை மட்டும் உண்டு. இன்சுலினையும் இன்றோடு நிறுத்தினார்கள்: சிறுநீரகம் இல்லாதபோது இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்குகிறது, சாப்பாடும் இரண்டு வாயாகக் குறைந்துவிட்டது. சர்க்கரை தாழ்ந்துபோவதுதான் இப்போது பயம்.

தம்பி சமையலறையில் நின்று, "பட்டினி போட்டுக் கொல்லுதோமாக்கா?" என்று கேட்டான். பசி இருந்து நாம் கொடுக்காமல் இல்லை, உடல் அடங்குவதால் பசி அடங்கியிருக்கிறது என்று செவிலியர் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். அவனை அப்பாவின் உதட்டை நனைக்க அனுப்பினேன். ஈரப் பஞ்சால் உதட்டைத் தொட்டதும் குழந்தைபோல் அதை அப்பா உறிஞ்சினார். அதற்குப் பிறகு அந்த வேலையை அவன் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

இரவு பதினொன்றரைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பார்க்க வந்திருந்த அத்தான் பதறிப்போய் 108-க்குக் கூப்பிட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாளில் எழுதியிருந்ததை வீட்டில் தங்கும் எல்லோருக்கும் நான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு எழுதியிருந்தபடியே செய்தோம். முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தோம், மேசை விசிறியை முகத்துக்கு நேராக வைத்தோம், லோராசெபாமை நாக்கின் அடியில் வைத்தேன், செவிலியரை அழைத்தேன். முகத்தில் படும் காற்றுக்கே மூச்சின் பதற்றம் தணியும் என்று படித்தபோது நம்பவில்லை. கால் மணி நேரத்தில் தோள்கள் தளர்ந்தன.

16 ஆகஸ்ட், சனி

பகல் முழுவதும் தூக்கம். கூப்பிட்டால் கண் திறந்து, "ம்" என்கிறார். தூக்கத்திலேயே கைவிரல்கள் வெடுக்கென்று துடிக்கின்றன. கழிவு தேங்குவதால் வருவது, அவருக்கு அது தெரியாது என்று சொல்லி, செவிலியர் துடிப்பை அடக்கும் மிடசோலாம் ஊசியைத் தோலுக்கடியில் போட்டார். அரிப்புக்கு முன்பு டயாலிசிஸ் முடிந்ததும் கொடுத்த காபாபென்டினைத் தொடரவில்லை, இயந்திரம் இல்லாமல் அது உடலைவிட்டுப் போகாது. தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். சிறுநீர் இன்று குவளையில் அடிக்கோட்டைக்கூடத் தொடவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று மாலை தொண்டையில் சளி உருளும் சத்தம் கேட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் பெருமளவு நின்றது. மூச்சு ஆழமாகி, இடைவெளி விட்டு, மீண்டும் வந்து, அதிகாலை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வராமலே நின்றது. தம்பியின் கையில் ஈரப் பஞ்சு இருந்தது. கடைசி டயாலிசிஸ் முடிந்து பதினொரு நாள்.

27 ஆகஸ்ட், புதன்

மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றிதழோடு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் இறப்பைப் பதிவு செய்தேன். 21 நாட்களுக்குள் செய்ய வேண்டும். மதியம் செவிலியர் வந்து டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பயன்படுத்திய ஆறு பட்டைகளையும் பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து வைத்திருந்தேன், பிரிக்காதவை இரண்டு இருந்தன. எண்ணிச் சரிபார்த்துக் கையொப்பம் வாங்கினார். தம்பி கொண்டுவந்த மார்பினையும் அவரிடமே கொடுத்தேன். பீரோக் கதவில் ஒட்டிய தாளை அவர் எடுக்கப் போனபோது, அது இருக்கட்டும் என்றேன்.