அப்பா பெயர், வீட்டுக்காரர் பெயர், நடுவில் ஒரு டிபிஎஸ்

ஒருவழியாக டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனைச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு மணி நேரம் அ, ஆ சொல்லிக்கொடுக்க இவ்வளவு பாடா என்று யாராவது கேட்டால், பாடு முழுக்க என் பெயரால் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். குற்றப் பின்னணியைத் தேடுவது டிபிஎஸ் அலுவலகத்தின் வேலை, அதை அவர்கள் பாட்டுக்குச் செய்துவிட்டார்கள். நான் யார் என்று நிரூபிப்பதில்தான் எனக்கு மூச்சு வாங்கியது.

எங்கள் தமிழ்ப் பள்ளி ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் கட்டடத்தில் வாடகைக்கு நடக்கிறது. கட்டடம் தருகிற பள்ளி, உள்ளே வந்து பாடம் எடுக்கிற எல்லோருக்கும் பின்னணிச் சோதனையும் குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சியும் முடிந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்கும். வாரம் ஒருமுறை, பக்கத்தில் மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதாக இருந்தால் 'என்ஹான்ஸ்டு' என்கிற விரிவான டிபிஎஸ் வேண்டும், அதோடு குழந்தைகளோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலையும் பார்ப்பார்கள். தன்னார்வலருக்கு டிபிஎஸ் கட்டணம் கிடையாது. ஆனால் எங்களுடையது போன்ற சின்னப் பள்ளிகள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாமல் 'அம்ப்ரெல்லா பாடி' என்கிற இடைநிலை நிறுவனம் வழியாகத்தான் போகின்றன. அந்த நிறுவனம் தன் வேலைக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்ளும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி சொல்லும் முன் நீங்களாக இணையத்தில் போய் விண்ணப்பிக்காதீர்கள். தனி ஆளாகப் போனால் கிடைப்பது 'பேசிக்' என்கிற அடிப்படைச் சான்றிதழ் மட்டுமே. என்னோடு சேர்ந்த ஒரு அக்கா ஆர்வத்தில் 21.50 பவுண்டு கட்டி அதை வாங்கி வந்தார். பள்ளிச் செயலர் வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி பெயர்க் கதை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயர், சுந்தரம். பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமத்திலும் அதேதான். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வீட்டுக்காரர் கூட்டு வங்கிக் கணக்கு திறந்தபோது என்னையும் தன் பெயரோடு சேர்த்து 'மிசஸ் முருகன்' என்று பதிந்துவிட்டார்கள். ஊரில் இது யாருக்கும் உறுத்தாது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ரேஷன் கார்டில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று என்று வாழ்ந்து பழகியவர்கள்தானே நாம். டிபிஎஸ்ஸுக்கு உறுத்தும்.

அடையாளம் காட்ட மூன்று ஆவணங்கள் வேண்டும். முதல் பிரிவிலிருந்து பாஸ்போர்ட், உரிமம் போல ஒன்றாவது இருக்க வேண்டும். மற்ற இரண்டும் அதிலிருந்தோ அடுத்த பிரிவுகளிலிருந்தோ இருக்கலாம். அவற்றில் ஒன்றில் இப்போதைய முகவரியும் ஒன்றில் பிறந்த தேதியும் இருந்தாக வேண்டும். நான் பாஸ்போர்ட், உரிமம், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு, பள்ளி சொன்ன நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ரயில் ஏறிப் போனேன். அங்கிருந்த பெண் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் எது உங்கள் பெயர்?" என்று கேட்டார். இரண்டும் என் பெயர்தான் என்றேன். அப்படியானால் பெயர் மாற்றியதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றார். பெயரை நான் மாற்றவே இல்லை, வங்கிதான் அப்படி எழுதிக்கொண்டது என்று விளக்கினேன். சரி, திருமணச் சான்றிதழ் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். இது இந்தியாவில் பதிவானது, எங்கள் பட்டியலில் இங்கே பதிவான திருமணச் சான்றிதழ்தான் இருக்கிறது என்று தள்ளி வைத்துவிட்டு, 'டீட் போல்' என்கிற பெயர் மாற்றப் பத்திரம் எழுதி வாருங்கள் என்று யோசனை சொன்னாரே பார்க்கலாம். மாற்றாத பெயரை மாற்றியதாகப் பத்திரம் எழுதச் சொல்கிறார்! அன்றைக்கு ரயில் டிக்கெட் காசு வீண்.

தொலைபேசியில் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒருவர், ஒவ்வொருவரும் ஒரு பதில். கடைசியில் மேலாளர் ஒருவர்தான் தெளிவாகச் சொன்னார். அதை அப்படியே தருகிறேன், நம் ஆட்கள் நிறையப் பேருக்கு உதவும். விண்ணப்பத்தில் 'இப்போதைய பெயர்' என்ற இடத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். வேறு எந்தப் பெயரில் நம்மைக் கூப்பிட்டிருந்தாலும், எழுதியிருந்தாலும், அது 'பிற பெயர்கள்' என்ற பகுதியில் எப்போதிலிருந்து எப்போது வரை என்ற விவரத்தோடு போக வேண்டும். காவல்துறைப் பதிவுகளைப் பெயர் வைத்துத்தான் தேடுகிறார்கள், ஒரு பெயர் விட்டுப்போனால் மறைத்தது போலத் தெரியும். அதனால் முருகனையும் எழுதினேன். அடையாளத்துக்குக் காட்டும் மூன்று ஆவணங்கள் மட்டும் இப்போதைய பெயரிலேயே இருந்துவிட்டால் பெயர் மாற்றம் என்ற பேச்சே எழாது.

அப்படி ஒரு மூன்றாவது ஆவணத்துக்கு எங்கே போவது? கரன்ட் பில், கேஸ் பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில். கைப்பேசி பில் என் பெயரில் இருக்கிறது, ஆனால் அது செல்லாது. வங்கியில் பெயரைத் திருத்தி, தபாலில் புது ஸ்டேட்மென்ட் வரும்வரை காத்திருக்கலாம். இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்டதை அந்த அலுவலகம் தொடக்கூட இல்லை. இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் குடியிருக்கும் வீட்டுக்காக உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் ஞாபகம் வந்தது. கணவன் மனைவி சேர்ந்து குடியிருந்தால் அந்த வரிக்கு இருவரும் பொறுப்பு. அதனால் என் பெயரையும் பில்லில் சேருங்கள் என்று கவுன்சிலின் இணையதளத்தில் ஒரு படிவம் போட்டேன், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுத்து. கேள்வி கேட்காமல் இரண்டு பேர் பெயரும் போட்ட புது பில்லைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். வங்கி ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும், கவுன்சில் டாக்ஸ் பில்லுக்கு ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. வீட்டில் எல்லா பில்லும் ஆம்பளை பெயரில் ஓடுகிற குடும்பங்களில் இதை இன்றைக்கே செய்து வைத்துக்கொள்ளலாம். அந்த பில்லோடு போனபோது அதே பெண்தான் உட்கார்ந்திருந்தார். புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டிக் போட்டார். நானும் ஒன்றும் பேசவில்லை.

முகவரிப் பகுதியில் கடந்த ஐந்து வருடமும் இடைவெளி இல்லாமல் வர வேண்டும். எனக்குச் சென்னை, லெஸ்டர், இப்போது ஹாரோ. லெஸ்டர் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வீடு கிடைக்கும்வரை வெம்பிளியில் நாத்தனார் வீட்டில் தங்கியதையும் சேர்த்தால்தான் மாதக் கணக்கு இடித்துக்கொள்ளாமல் நின்றது. அனுப்பிய பிறகு நிலவரத்தை இணையத்தில் பார்க்கலாம். மொத்தம் ஐந்து கட்டம், முதல் மூன்றும் விறுவிறு என்று முடிந்துவிட்டன. நான்காவது, நாம் குடியிருந்த இடங்களின் காவல்துறை தன் பதிவுகளைத் தேடுவது. எனக்கு லண்டன் காவல்துறை ஒன்று, லெஸ்டர்ஷயர் காவல்துறை ஒன்று. அங்கே போய் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். தினமும் பார்ப்பதில் பயனில்லை. அந்தக் கட்டத்திலேயே 60 நாள் தாண்டினால் டிபிஎஸ்ஸிடம் முறையிட வழி இருக்கிறது, அதற்கு முன்னால் யாரைக் கேட்டாலும் பொறுங்கள் என்பதுதான் பதில்.

டிபிஎஸ் வெளிநாட்டுக் காவல் நிலையங்களைக் கேட்பதில்லை. அதனால் நான் சென்னையில் இருந்த காலத்துக்கு இந்தியாவின் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழையும் பள்ளி கேட்டது. அது தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடுங்கள். ஒன்று முடியட்டும், அடுத்ததைப் பார்க்கலாம் என்று இருந்தால் ஒரு பருவமே போய்விடும்.

காத்திருந்த இடைவெளியில் பயிற்சி. இணையத்தில் ஒரு பாடம் முடித்து, அப்புறம் பள்ளி மண்டபத்தில் ஒரு முற்பகல். இணையப் பாடம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மண்டபத்தில் நடந்ததுதான் பயன். பயிற்சியாளர் ஒரு சூழலைச் சொன்னார்: ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "டீச்சர், ஒன்று சொல்வேன், அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்கிறாள். என்ன செய்வீர்கள்? பாதிப் பேர் "சரி, சொல்லமாட்டேன், சொல்லும்மா" என்றோம். அந்த வாக்கைக் கொடுக்கவே கூடாதாம். 'உனக்கு உதவக்கூடியவர்களிடம் நான் சொல்ல வேண்டி வரலாம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் காது கொடுக்க வேண்டும். "அப்பா அடித்தாரா?" என்று பதிலை நாமே எடுத்துக் கொடுக்கவும் கூடாது. "என்ன நடந்தது?" என்பதோடு நிறுத்திக்கொண்டு, பிள்ளை சொன்ன வார்த்தைகளையே எழுதி, தேதி, நேரம் போட்டு, பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். பிள்ளை தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதலாமா என்று கேட்டேன். முதலில் தமிழிலேயே எழுதுங்கள், ஆங்கிலம் கீழே வரட்டும் என்றார். 'அடி' என்று பிள்ளை சொன்னதை 'பீட்டிங்' என்று நாம் எழுதிவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது.

அப்போது பெரியவர் ஒருவர், பல வருடமாகச் சொல்லிக்கொடுப்பவர், எழுந்தார். "இங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்கம்மா. அந்தப் பிள்ளையோட அப்பா போன வாரம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர். ஒரு போன் போட்டு, ஏம்ப்பா இப்படின்னு கேட்டா முடிஞ்சுபோற விஷயத்துக்கு எதுக்கு எழுத்து?" என்றார். நியாயமான கேள்வி, சனிக்கிழமைப் பள்ளிகளில் மட்டும் எழக்கூடிய கேள்வி. அந்த போன் போன மறு நிமிடம் பிள்ளைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது, இனி அது வாயே திறக்காது என்பது மட்டும் தெரியும் என்றார் பயிற்சியாளர். அடி தீவிரமா இல்லையா என்று முடிவு செய்வது உங்கள் வேலையே இல்லை, அதைப் பொறுப்பாளரிடம் விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். பெரியவர் முழுதாகச் சமாதானம் ஆனதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பயிற்சியின் சான்றிதழும் சும்மா விடவில்லை. இணையதளம் என் மின்னஞ்சலில் இருந்த செல்லப் பெயரை எடுத்து 'கலை' என்று அச்சடித்துக் கொடுத்தது. பாஸ்போர்ட் பெயரில் மறுபடி வாங்க ஒரு மின்னஞ்சல் போதுமாக இருந்தது. கணக்கு தொடங்கும்போதே முழுப் பெயரைக் கொடுத்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

டிபிஎஸ் காகிதம் நம் வீட்டுக்குத்தான் வரும், பள்ளிக்குப் போகாது. வந்ததும் 'அப்டேட் சர்வீஸ்' என்பதில் பதிந்துகொள்ளுங்கள், தன்னார்வலருக்கு அதுவும் இலவசம். சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும், தபாலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல. பதிந்துவிட்டால் அடுத்த வருடம் வேறு தமிழ்ப் பள்ளிக்கோ நடனப் பள்ளிக்கோ உதவப் போனாலும் அவர்கள் இணையத்திலேயே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இலவசமாக வாங்கியது சம்பள வேலைக்குச் செல்லாது. எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் தோழிக்கு இந்த மாதம் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியை வேலை கிடைத்தது. பின்னணிச் சோதனை ஏற்கெனவே இருக்கிறதே என்று நிம்மதியாகக் காகிதத்தை நீட்டியிருக்கிறாள். புதிதாக எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாகவே இருக்கிறது. கவுன்சில் டாக்ஸ் விஷயத்தை நேற்றே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.