பதில் அவசியமில்லை என்று எழுதியது

"உங்களுக்கு நேரமில்லை என்றால் பதில் அவசியமில்லை." ஒரு மேடத்துக்கு அனுப்பிய மெயிலில் இந்த ஒரு வரியை எழுதியிருக்கக் கூடாதோ என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் நடந்த காற்றாலை பராமரிப்புக் கருத்தரங்கில் அந்த மேடத்தைச் சந்தித்தேன். எண்ணெய்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல வருடம் இருப்பவர். டீ இடைவேளையில் பத்து நிமிடம் பேசியிருப்போம். "கியர்பாக்ஸ் அடியில இருக்கிற டிரெய்ன் பிளக்கைத் திறந்து பாட்டிலைப் பிடிச்சீங்கன்னா, உங்களுக்குக் கிடைக்கிறது ஆயில் இல்லைங்க, வண்டல்" என்றார். மெஷின் ஓடி எண்ணெய் சூடாக இருக்கும்போது, ஃபில்டருக்கு முன்னால் இருக்கிற குழாயிலிருந்து எடுக்க வேண்டும். முதலில் வருவதைக் கொஞ்சம் வடித்துவிட்டு அப்புறம்தான் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். "ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க, வரிசையாப் பாருங்க" என்பதையும் சொன்னார். கார்டு கொடுத்தார். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அதன் பின்பக்கத்தில் "டிரெய்ன் பிளக் – வண்டல், ஃபில்டருக்கு முன்னால், சூடாக" என்று எழுதி வைத்தேன். இது என் வழக்கம். ஊருக்குத் திரும்பும்போது பையில் பதினைந்து கார்டு இருக்கும். குறிப்பு எழுதாத கார்டில் யார் முகமும் நினைவுக்கு வராது.

அவர் பேசியது என்னைத் தைத்ததற்குக் காரணம் உண்டு. பணகுடிப் பக்கம் எங்கள் பராமரிப்பில் இருக்கும் ஒரு காத்தாடியின் கியர்பாக்ஸ் எண்ணெயில், பல் தேய்ந்தால் ஏறும் இரும்பு 42, 48 என்று வந்துகொண்டிருந்தது, மூன்றாவது முறை 95 பிபிஎம் என்று வந்தது. அந்த மூன்றாவது பாட்டிலைப் புதிதாக வந்த பையன் எடுத்திருந்தான். டிரெய்ன் பிளக்கிலிருந்துதான் எடுத்தேன் என்று அவனே சொல்லியிருந்தான்.

கருத்தரங்கு சனிக்கிழமை முடிந்தது. செவ்வாய் காலை மெயில் அனுப்பினேன். திங்கள்கிழமை எல்லோருடைய பெட்டியும் நிரம்பி வழியும், ஒரு வாரம் தாண்டினால் நம்மை மறந்துவிடுவார்கள். மெயில் ஆங்கிலத்தில்தான் போனது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மேடம், சனிக்கிழமை டீ நேரத்தில் டிரெய்ன் பிளக் வண்டலைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரன் நான். எங்கள் மெஷின் ஒன்றில் இரும்பு 42, 48, 95. கடைசி சாம்பிள் மட்டும் டிரெய்ன் பிளக்கிலிருந்து எடுத்தது. அதிர்வு அளவில் மாற்றம் இல்லை. இந்த 95ஐ ஒதுக்கிவிட்டு ஆறு மாதம் கழித்து வழக்கம்போல எடுத்தால் போதுமா, இப்போதே மறுபடி எடுக்க வேண்டுமா? உங்களுக்கு நேரமில்லை என்றால் பதில் அவசியமில்லை."

இன்றைக்கும் கடைசி வரிக்கு முன்பு வரை இதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. எங்கே சந்தித்தோம் என்பது இருக்கிறது. கேள்வி ஒன்றுதான், ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ரிப்போர்ட்டை இணைத்து "பார்த்துச் சொல்லுங்கள்" என்று பாரத்தை அவர் தலையில் வைக்கவில்லை. நம் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பதில் வரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டுவது தவறில்லை என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அப்படித்தான் செய்கிறேன். ஆனால் இங்கே கை ஓடவில்லை. பதில் அவசியமில்லை என்று நானே எழுதிவிட்டேன். இப்போது "பதில் வரவில்லையே" என்று கேட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். கார்டில் நம்பர் இருந்தது. பத்து நிமிடப் பழக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் போன் போடுவதா என்ற தயக்கமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. எங்கள் டெக்னீஷியன் அண்ணாச்சிக்கு இது பிடிபடவே இல்லை. "போன் போட்டுக் கேட்டா ரெண்டு நிமிசத்துல தீந்துரும் தம்பி. அதுக்குப் போயி மெயிலு எழுதிட்டு உக்காந்திருக்கீய" என்றார்.

மே மாதம் பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறங்கிவிடும். சீசனில் ஒரு மெஷினை நிறுத்துவது முதலாளிக்கும் எங்களுக்கும் எவ்வளவு கஷ்டம் என்பது இந்தப் பக்கம் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் முதல் வாரம் அண்ணாச்சியே மேலே ஏறி, மேடம் சொன்ன மாதிரி எடுத்து வந்தார். ரிப்போர்ட்டில் 51 என்று இருந்தது. முன்பு வந்த 95 வண்டல்தான்.

அன்று இரண்டாவது மெயில் எழுதினேன். "நீங்கள் சொன்ன முறையில் மறுபடி எடுத்தோம், 51 வந்தது, நன்றி" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. கேள்வியே கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

சந்தோஷமாகத்தான் பேசினார். அப்புறம் சொன்னார்: "நீங்க பதில் அவசியமில்லைன்னு எழுதியிருந்தீங்க. சரி, அவசரம் இல்லை போலன்னு ஓரமா வச்சுட்டேனுங்க. இப்பத்தான் திரும்பப் படிச்சேன். 95 நிஜமா இருந்திருந்தா? ஒடனே எடுங்கன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவசரம்னா அவசரம்னு எழுதுங்க தம்பி, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார்.

திட்டவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வாரம் அந்த மெஷின் 95 என்ற எண்ணோடு ஓடியிருக்கிறது. பல் ஒன்று தேய்ந்துகொண்டிருந்தால் அந்த ஆறு வாரம் அதற்குப் போதும். நல்லவேளை தப்பித்தோம் என்பது என் மெயில் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

அந்த வரியை யாருக்காக எழுதினேன் என்பதுதான் என்னைக் குடைகிறது. அவரை நெருக்கக் கூடாது என்றுதான் எழுதினேன், அது உண்மை. கருத்தரங்கு முடிந்த மறுநாளே வந்து விழும் "ஒரு கால் பேசலாமா" மெயில்கள் எனக்கும் எரிச்சல் தருபவைதான். ஆனால் பதில் வராமல் போனால், நானே வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் அந்த வரி உதவியது. இரண்டில் எது முதலில் வந்தது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மறுபக்கம், அந்த வரி இல்லாமல் போயிருந்தால் அவர் இரண்டாவது மெயிலுக்கு இவ்வளவு மனம் விட்டுப் பேசியிருப்பாரா என்றும் தோன்றுகிறது. அவரிடம் இதைக் கேட்கவும் முடியாது.

போன வாரம் பிளேடு பழுது பார்க்கும் ஒருவரை இன்னொரு கூட்டத்தில் சந்தித்தேன். எங்கள் மெஷின் ஒன்றின் பிளேடு ஓரத்தில் அரிப்பு இருக்கிறது. சீசன் முடிந்ததும் செய்தால் போதுமா என்று அவருக்கு எழுத உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் அதே வரியை அடித்தது. அழித்தேன். "ஆகஸ்ட் 15க்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும். முடியாவிட்டால் நாங்கள் செப்டம்பர் கடைசியில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதினேன். பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இதில் இருக்கிறது, அவர் தலையில் பாரமும் இல்லை. அண்ணாச்சியிடம் காட்டினேன். "தேதி போட்டது கெடு வச்ச மாதிரி இருக்கே தம்பி" என்றார்.

தேதியை எடுத்தேன், மறுபடி போட்டேன். அனுப்பிவிட்டேன். இன்றோடு நான்கு நாள் ஆகிறது.