மஞ்சளுக்கு வரி இல்லை, ஆனால் சம்பளத்துக்கு இரண்டு மடங்கு

கோபி பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மஞ்சள் காடு. நான் பள்ளிக்கூட ஆசிரியர். காட்டை அப்பா காலத்திலிருந்தே விடாமல் பார்த்து வருகிறேன். இத்தனை வருஷமும் விளைச்சலும் விலையும் ஒன்றாக அமைந்ததில்லை, செலவு போக கையில் நின்றதும் சொற்பம். அதனால் வருமானவரிக் கணக்கில் அதை நான் காட்டியதே இல்லை. "விவசாய வருமானத்துக்குத்தான் வரி கிடையாதே" என்பது எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது. 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டமும் 10(1) பிரிவில் அதைத்தான் சொல்கிறது.

2024-25 நிதியாண்டில் நிலைமை மாறியது. அந்த வருஷத்துக்குள் விற்றது 50 குவிண்டால். விரலியும் கிழங்கும் சேர்த்து, ஏலத்தில் சராசரியாகக் குவிண்டாலுக்கு 13,800 ரூபாய் கிடைத்தது. மொத்தம் 6,90,000. பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. சம்பளம் 9,75,000. நிலைக்கழிவு 75,000 போக 9 லட்சம். பள்ளியில் அதற்கு 41,600 ரூபாய் பிடித்துவிட்டார்கள். ஃபார்ம் 16-ஐப் பார்த்தபோது வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கணக்குத் தாக்கல் செய்து தருபவரிடம் போனேன். பேச்சுவாக்கில் மஞ்சள் விற்றதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "சார், விவசாயம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ITR-1 போட முடியாதுங்க. ITR-2 தான். அப்புறம் உங்க சம்பள வரியும் மாறுங்க" என்றார். வரியே இல்லாத வருமானம் எப்படிச் சம்பள வரியை மாற்றும் என்று கேட்டேன். அவர் கணினியில் தட்டி, கட்ட வேண்டிய மொத்த வரி 1,22,720 என்று காட்டினார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் இரண்டு விஷயம் தெரிந்தது.

முதலாவது, அவர் விற்ற பணம் முழுவதையும் வருமானமாகப் போட்டிருந்தார். Schedule EI என்ற பகுதியில் மொத்த வரவுக்கு ஒரு கட்டமும் அதற்கான செலவுக்குத் தனியாக ஒரு கட்டமும் உண்டு. செலவுக் கட்டம் காலியாகக் கிடந்தது. கணக்கில் சேர்வது செலவு போக நிற்கும் நிகர வருமானம் மட்டுமே. விதைக்கிழங்கு, நடவுக் கூலி, களை, உரம், வெட்டுக் கூலி, வேக வைக்க, பாலிஷ் போட, வண்டி வாடகை, பயிர்க்கடன் வட்டி எல்லாம் செலவுதான். வேக வைப்பதும் பாலிஷ் போடுவதும் தொழில் வருமானம் ஆகிவிடுமோ என்று பயந்தேன். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக விவசாயி வழக்கமாகச் செய்யும் வேலை எதுவானாலும் அது விவசாயத்தோடு சேர்ந்ததுதான். கூலிக்கு ரசீது கிடையாது, ஆனால் என் மனைவி தேதி போட்டு, ஆள் எண்ணிக்கை போட்டு எழுதிய நோட்டு இருந்தது. "12 ஆள், களை, காலை மட்டும்" என்று பென்சிலில் எழுதிய வரிகள். கூட்டிப் பார்த்தால் செலவு 2,90,000. நிகரம் 4 லட்சம். அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்தச் செலவில் பாதியைக்கூட என்னால் நிரூபித்திருக்க முடியாது.

இரண்டாவது, அவர் அடிப்படையில் சொன்னது சரிதான். விவசாய வருமானத்தைச் சேர்த்துச் சம்பள வரியைக் கணக்கிடும் இந்த வழி 1973-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் கே.என். ராஜ் குழு இதைப் பரிந்துரைத்தது. அரசியல் சாசனப்படி மத்திய அரசு விவசாய வருமானத்துக்கு வரி போட முடியாது, அது மாநிலத்தின் அதிகாரம். அதனால் விவசாயத்தைத் தொடாமல், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் என்று முடிவு செய்ய மட்டும் அதைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கிடங்கில் மூட்டை அடுக்குவதை நினைத்தால் எனக்கு இது புரிகிறது. வரியில்லாத முதல் 3 லட்சம் தரையில். அதன் மேல் மஞ்சள் வருமானம் 4 லட்சம், அதற்கும் வரி இல்லை. மீதிச் சம்பளம் 6 லட்சம் அதன் மேலே, 7 லட்சத்தில் தொடங்கி 13 லட்சம் வரை ஏறி நிற்கிறது. மஞ்சள் இல்லாவிட்டால் அந்த 6 லட்சம் 5 சதவீத அடுக்கில் தொடங்கியிருக்கும். இப்போது முதல் 3 லட்சத்துக்கு 10 சதவீதம், அடுத்த 2 லட்சத்துக்கு 15, கடைசி 1 லட்சத்துக்கு 20.

சட்டம் சொல்லும் வழியில் போட்டாலும் இதே விடைதான். சம்பளமும் விவசாயமும் சேர்ந்த 13 லட்சத்துக்கு, புதிய வரி முறையில் வரி 1,00,000. அடிப்படை 3 லட்சத்தோடு விவசாய 4 லட்சத்தைச் சேர்த்து, அந்த 7 லட்சத்துக்கு வரி 20,000. இதை அதில் கழித்தால் 80,000. செஸ் 4 சதவீதம் சேர்த்து 83,200. பள்ளியில் பிடித்தது 41,600. அப்படியே இரண்டு மடங்கு. விவசாயத்தை மறந்துவிட்டுப் போட்டால் 41,600, செலவை மறந்துவிட்டுப் போட்டால் 1,22,720. சரியானது இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

மறுநாள் நோட்டோடு போனேன். அவர் மறுப்பு சொல்லாமல் திருத்திப் போட்டார். நிகர விவசாய வருமானம் 5 லட்சத்துக்கு மேல் போயிருந்தால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்றும் எழுத வேண்டியிருக்கும். என்னுடையது அதற்குள் நின்றது.

வட்டியைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பிடித்தம் போக 10,000 ரூபாய்க்கு மேல் வரி பாக்கி வரும் என்றால், வருஷத்துக்குள்ளேயே தவணையாக அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டும். மஞ்சளால் ஏறிய வரிக்கும் இது பொருந்தும். ஜூலையில் கட்டியதால் 234B பிரிவில் நான்கு மாதத்துக்கு 1,664, தவணை தவறியதற்கு 234C-யில் 2,099. பாக்கி வரி 41,600-ஓடு எல்லாம் சேர்த்து, பத்து ரூபாய்க்கு ரவுண்டு செய்து 45,360 கட்டினேன். ஏலம் முடிந்த கையோடு மார்ச் 15-க்குள் கட்டியிருந்தால் அந்த 1,664 மொத்தமாக மிச்சமாகியிருக்கும். என் போன்றவர்கள் ஏலச் சீட்டு கைக்கு வந்த அன்றே கணக்குப் போட்டுவிடுங்கள்.

பக்கத்துக் காட்டுக்காரர் இதைக் கேட்டுப் பயந்துவிட்டார். அவருக்குச் சம்பளம் இல்லை, வங்கி வட்டி மட்டும் கொஞ்சம் வரும். விவசாயம் அல்லாத வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டாவிட்டால் இந்தக் கூட்டல் கிடையவே கிடையாது, விவசாயத்தில் எவ்வளவு வந்தாலும் சரி. ஆனால் அவர் பால் விற்கிறார். பால் பணம் விவசாய வருமானம் ஆகாது, அதை வட்டியோடு சேர்த்துத்தான் வரம்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

2025-26-க்கும் போட்டுப் பார்த்தேன். இதே 9 லட்சமும் 4 லட்சமும் என்றால் வரி 55,000 வருகிறது. ஆனால் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 87A பிரிவில் 60,000 வரை தள்ளுபடி உண்டு. அந்த 12 லட்சத்தைப் பார்க்கும்போது விவசாயத்தைச் சேர்ப்பதில்லை. ஆக ஒன்றும் கட்ட வேண்டாம். அதே விவசாயம் 10 லட்சமாக இருந்தால் வரி 90,000 ஆகும், தள்ளுபடி போக 30,000-மும் செஸ்ஸும் நிற்கும். 12 லட்சம் வரை வரியே இல்லை என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருக்கும், நல்ல விளைச்சல் எடுத்த மாதச் சம்பளக்காரர்கள் இந்த இடத்தை ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.